பத்து வருடக் கூலி வேலையை ஐந்து வரியில் எழுதும்போது விடுகிற பிழைகள்

யாழ்ப்பாணத்தில் கடை, சந்தை, கட்டட வேலை என்று வருடக்கணக்கில் உழைத்தவர்களின் சீவியில் மேலே இருக்கும் சுருக்கம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "2013 முதல் 2025 வரை பல்வேறு தனியார் இடங்களில் பணியாற்றிய அனுபவம் உண்டு. கடின உழைப்பாளி, நேர்மையானவர். எந்த வேலையையும் செய்யத் தயாராக உள்ளேன்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பன்னிரண்டு வருடத்தில் என்ன கற்றார் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. ஐம்பது விண்ணப்பம் மேசையில் கிடக்கும்போது வாசிப்பவர் ஒவ்வொன்றிலும் முதல் நாலைந்து வரியைத்தான் பார்ப்பார். அந்த வரிகளில் வேலை தெரியாவிட்டால், கீழே எழுதியிருப்பது எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கண் அங்கே போகாது. சுருக்கத்தில் விடும் பிழைதான் மற்ற எல்லாப் பிழையையும் விடக் கூடுதலாகச் செலவு வைப்பது.

ஒருவரின் கதையை முன்னால் வைத்துக்கொண்டு பார்ப்போம். இது பலருடைய கதையும் சேர்ந்த ஒன்று. சுன்னாகம் பக்கத்து ஆள். 2013இல் உயர்தரம் எழுதினார், பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் இருந்து இரண்டரை வருடம் சந்தையில் வெங்காயமும் மரக்கறியும் வாங்கி அனுப்பும் மொத்தக் கடையில் நின்றார். 2016 சித்திரையில் இருந்து நான்கு வருடம் ஒரு ஹாட்வெயார் கடை. 2020 பங்குனியில் ஊரடங்கு வந்து கடை ஆட்களைக் குறைத்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்குச் சற்றுக் கூட, கிடைத்த நாட்களில் மேசனுக்குக் கையாளாகப் போனார். 2022 ஆடியில் இருந்து மூன்று வருடம் இன்னொரு ஹாட்வெயார் கடை. எங்கேயும் நியமனக் கடிதம் இல்லை. சம்பளம் நாட்கூலி, பிறகு கிழமைக் காசு. இப்போது ஒரு கட்டட நிறுவனம் களஞ்சியக் காப்பாளர் தேவை என்று விளம்பரம் போட்டிருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கிறார். மேலே இருந்தது அவர் முதலில் எழுதிய சுருக்கம்.

வேலையின் பெயரை எழுதிவிட்டு வேலையை எழுதாமல் விடுவது

"கடை உதவியாளர்" என்ற இரண்டு சொல்லைப் படிப்பவருக்கு மூடை தூக்கும் ஒருவர்தான் கண்ணுக்குள் வருவார். எழுதியவருக்கும் பெரும்பாலும் அதுதான் ஞாபகம் வரும், ஏனென்றால் உடம்பு நொந்தது அதில்தான். அறிவு உழைத்த இடம் நோகாது. அதனால் அது மறந்துபோகும்.

அதை வெளியே எடுக்க ஒரு நல்ல வழி உண்டு. ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்கள்: நான் வராத நாளில் அங்கே என்ன குழம்பியது? காய்ச்சலில் படுத்த இரண்டு நாளில், கோயில் திருவிழாவுக்குப் போன நாளில், முதலாளி போன் எடுத்து எதைக் கேட்டார்? "அந்த அரையங்குல முழங்கை எங்கே வைத்தாய்", "நேற்று வந்த கம்பியை எண்ணினாயா", "இன்ன மேசன் எவ்வளவு கடன்" என்று கேட்டிருந்தால், இருப்பு எங்கே இருக்கிறது என்பதும், வந்ததைச் சரிபார்ப்பதும், கடன் கணக்கும் உங்கள் கையில் இருந்திருக்கின்றன. பதவிப் பெயர் உதவியாளர்தான். செய்தது களஞ்சியக் காப்பாளரின் வேலை.

நம் ஆளின் கொப்பியில் ஹாட்வெயார் கடைப் பக்கத்தில் சீமெந்தை மட்டும் பார்ப்போம். கிழமைக்கு இரண்டு லொறி வரும். ஒரு லொறிக்கு 200 பை, ஒரு பை 50 கிலோ. இறக்கும்போது எண்ணுவார், கிழிந்த பைகளைப் புறம்பாக வைத்துச் சாரதியிடம் பில்லில் எழுதுவித்துக் கையெழுத்து வாங்குவார். நிலத்தில் நேரே போடாமல் பலகை அடித்த தட்டில், சுவரில் இருந்து ஒரு அடி தள்ளி அடுக்குவார். பத்துப் பைக்கு மேல் உயர்த்த மாட்டார், உயர்த்தினால் கீழ்ப் பை இறுகிக் கட்டிபடும். புது லொறி வந்தால் பழைய பைகளை முன்னுக்கு இழுத்து வைப்பார். சீமெந்து மூன்று மாதம் தாண்டினால் வலு குறையத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரக்காற்றுப் பட்டால் அதற்கு முந்தியே கட்டிபடும். கட்டிபட்ட பையை வாங்கிப்போன மேசன் திருப்பிக் கொண்டுவந்தால் நட்டம் கடைக்குத்தான்.

இவ்வளவையும் அவர் "சீமெந்து இறக்குவேன்" என்று இரண்டு சொல்லில் சொல்லியிருந்தார். கொம்பனிக் களஞ்சியத்தில் இதே வேலைக்கு நாலு பெயர் இருக்கிறது: பொருள் பெறுகை, சேதப் பதிவு, அடுக்கு முறை, முதலில் வந்ததை முதலில் கொடுத்தல். விளம்பரத்திலும் இவைதான் வேறு சொற்களில் நின்றன.

கம்பியிலும் அப்படித்தான். 12 மில்லிமீற்றர் கம்பி மீற்றருக்கு 0.889 கிலோ வரும். விட்டத்தை அதனாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். ஆறு மீற்றர் நீளமான ஒரு கம்பி ஏறக்குறைய 5.3 கிலோ, நூறு கம்பி 533 கிலோ. தராசில் நிறுத்தபோது இதற்கு நன்றாகக் குறைந்தால், ஒன்றில் எண்ணிக்கை பிழை, இல்லாவிட்டால் கம்பி சொன்ன தடிப்பில் இல்லை. இதைப் பார்த்துப் பிடித்த ஒருவர் தன்னைக் "கூலி" என்று மட்டும் எழுதினால், வாசிப்பவருக்கு அவர் வேறு ஆளாகத்தான் தெரிவார்.

பன்னிரண்டு வருடத்தைப் பன்னிரண்டு துண்டாக வைப்பது

முதல் பிழையைத் திருத்தப் போகிறவர்கள் அடுத்ததாக விழும் குழி இது. நின்ற இடங்களையெல்லாம் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சுருக்கத்திலேயே அடுக்கிவிடுவார்கள். மொத்தக் கடை, ஹாட்வெயார், மேசன் வேலை, இடையில் மூன்று மாதம் பேக்கரி, தோட்டத்தில் ஒரு போகம். வாசிப்பவருக்கு இது ஓரிடத்திலும் நிலைக்காத ஆளின் வரலாறாகத் தெரியும். உண்மையில் இடம்தான் மாறியது, வேலை மாறவில்லை.

சுருக்கத்தில் வருடங்களை முதலாளி வாரியாகக் கூட்டாமல் வேலை வாரியாகக் கூட்டவேண்டும். நம் ஆளுக்குக் கணக்கு இப்படி வரும். இரண்டு ஹாட்வெயார் கடையும் சேர்ந்து நான்கும் மூன்றும் ஏழு வருடம். இது கட்டடப் பொருள் களஞ்சியம். மொத்தக் கடையின் இரண்டரை வருடம் நிறுவை, தரம்பிரிப்பு, பழுதாகும் பொருளைக் கையாளுதல். மேசன் கையாளாக நின்ற இரண்டு வருடத்தைக் களஞ்சியக் கணக்கில் சேர்க்கக்கூடாது, ஆனால் அதுக்கும் இடம் இருக்கிறது: வேலைத்தளத்தில் எந்தப் பொருள் எப்போது எவ்வளவு போகும் என்பது கடைக்குள்ளேயே நின்றவருக்குத் தெரியாது. பேக்கரியும் தோட்டமும் சுருக்கத்துக்கு வேண்டாம். கீழே தொழில் அனுபவப் பகுதியில் ஒரு வரியில் வந்தால் போதும்.

"ஏழு வருடம்" என்று எழுதியதும் சிலருக்கு மனம் உறுத்தும், இரண்டு கடைக்கு நடுவில் இடைவெளி இருந்ததே என்று. ஏழு என்பது வேலை செய்த வருடங்கள். அதை "தொடர்ச்சியாக" என்று எழுதினால்தான் பிழை. கீழே "2016–2020, 2022–2025" என்று தெளிவாகப் போட்டுவிடுங்கள். 2020இல் ஊரடங்கில் வேலை போனதையும் 2022இல் எரிபொருள் இல்லாமல் கடைகள் பூட்டிக் கிடந்ததையும் இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கேட்டால் ஒரு வசனத்தில் சொல்லலாம். சுருக்கத்துக்குள் கொண்டுவர வேண்டாம்.

காரணம் சொல்லுவது, மன்னிப்புக் கேட்பது

"குடும்பச் சூழ்நிலை காரணமாகப் படிப்பைத் தொடர முடியவில்லை", "போரினால் பாதிக்கப்பட்டதால் கூலி வேலைகளுக்குச் செல்ல நேர்ந்தது", "சிறிய வேலைகளே செய்திருந்தாலும்." இப்படித் தொடங்கும் சுருக்கங்கள் இங்கே நிறைய வரும். அந்த வசனங்களின் பின்னால் இருப்பது மெய்யான துயரம், அதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஐந்து வரி மட்டுமே கிடைக்கும் இடத்தில் ஒரு வரியை உங்களால் முடியாமல் போனதுக்குக் கொடுத்தால், முடிந்ததுக்கு நான்கு வரிதான் மிஞ்சும். "இருந்தாலும்" என்ற சொல் வந்தவுடனேயே, செய்த வேலை குறைவானது என்று எழுதியவரே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். வாசிப்பவர் அதையே ஏற்றுக்கொண்டு அடுத்த தாளுக்குப் போவார்.

சம்பளத்தையும் சுருக்கத்தில் எழுத வேண்டாம், பழையதையும் எதிர்பார்ப்பதையும். விளம்பரம் கேட்டிருந்தால் கடிதத்தில் எழுதலாம்.

குணத்தை எழுதுவது

கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவாக வேலை செய்யக்கூடியவர். இந்த மூன்றும் இல்லாத சீவியைக் காண்பது அரிது. எல்லோரும் எழுதுவதால் எவருக்கும் பயன்படாது. குணத்தைக் காட்டவேண்டுமென்றால் அது தெரிகிற ஒரு உண்மையை எழுதுங்கள். நேர்மைக்கு எங்கள் ஊர்க் கடைகளில் நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது: கடைத் திறப்பு யாரிடம் இருந்தது? பின்னேரம் காசை எண்ணி வங்கியில் போட்டது யார்? நம் ஆளிடம் கடைசி இரண்டு வருடம் திறப்பு இருந்தது. காலையில் கடை திறந்ததும் அவர், இரவு பூட்டியதும் அவர். "நேர்மையானவர்" என்ற சொல்லை வெட்டிவிட்டு "கடைசி 2 ஆண்டு கடைத் திறப்பு என் பொறுப்பில்" என்று எழுதினால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

உழைப்புக்கும் அதேபோல் எண்ணிக்கை. சீமெந்துக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். கிழமைக்கு 400 பை, மாதத்துக்கு 1,600. ஆனால் எல்லா மாதமும் அப்படி வந்திராது, மாரியில் கட்டட வேலை குறையும். ஆகவே "மாதம் சுமார் 1,500 பை" என்று கீழ்ப்பக்கமாக வட்டமாக்கி எழுதுவது நல்லது. நேர்முகத்தில் "எப்படி 1,500 என்கிறீர்" என்று கேட்டால் லொறிக் கணக்கைச் சொல்லி விளங்கப்படுத்தலாம். 3,000 என்று எழுதினால் அந்தக் கேள்வியில் நின்றுவிடுவீர்கள். பில் புத்தகமோ பதிவோ கையில் இல்லாதவர்களுக்கு, எண்ணைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி இதுதான்: ஒரு லொறி, ஒரு நாள், ஒரு கிழமை என்று நிச்சயமாகத் தெரிந்த சின்ன அளவில் தொடங்கிப் பெருக்குவது. மொத்தத்தை நினைவில் இருந்து சொல்லப் போனால் அது எப்போதும் கூடித்தான் வரும்.

பதவியை உயர்த்தி எழுதுவது

உதவியாளர் என்று எழுத வெட்கப்பட்டு "களஞ்சிய முகாமையாளர்" என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணம் சின்ன இடம். கட்டட நிறுவனத்தின் கொள்வனவு அதிகாரி அந்த ஹாட்வெயார் கடையிலேயே சாமான் எடுத்திருப்பார். ஒரு போன் போதும். "எங்கட கடையில முகாமையாளர் எண்டு ஒருத்தரும் இல்லையே, தம்பி சாமான் குடுக்கிற பொடியன்" என்று முதலாளி சொன்ன நிமிடத்தில், உண்மையாக எழுதியிருந்த மற்ற எல்லாமும் பொய்யாகிப்போகும். முதலாளி கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவருக்குத் தெரிந்த பெயர் அதுதான்.

இதே ஆபத்து "நிரந்தர ஊழியர்" என்று எழுதுவதிலும் உண்டு. நிரந்தர வேலை என்றால் ஊழியர் சேமலாப நிதி கட்டியிருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். வேலைக்கு எடுக்கும்போது பழைய அங்கத்துவ இலக்கம் கேட்பார்கள். நாட்கூலிக்கு நின்றவரிடம் அது பெரும்பாலும் இருக்காது.

பதவிப் பெயரை உள்ளபடி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே செய்த வேலையைச் சேர்த்து எழுதுவதுதான் சரி: "கடை உதவியாளர், களஞ்சியமும் கடன் கணக்கும் பொறுப்பில்." போன் எடுத்தால் முதலாளியும் இதைத்தான் சொல்வார். விண்ணப்பம் அனுப்ப முந்தி அவரைப் போய்ச் சந்தித்து, எழுதியதை வாசித்துக் காட்டிவிடுங்கள். இது மரியாதைக்கு மட்டுமல்ல. "ஓம், கடன் கொப்பியும் நீதானே எழுதினனீ" என்று அவருக்கே அப்போதுதான் ஞாபகம் வரும். யாராவது கேட்கும்போது அதையும் சேர்த்துச் சொல்வார்.

சொற்கள் இரண்டு பக்கமும் பொருந்தாமல் போவது

கடையில் "சாமான் வந்த கொப்பி" என்பார்கள். கொம்பனியில் அதே பதிவை ஜீ.ஆர்.என். தாளில் செய்வார்கள். கடையில் ஒவ்வொரு தட்டுக்கும் மட்டையில் எழுதித் தொங்கவிடும் வரவு–போக்கு, கொம்பனியில் பின் கார்ட். கடைப் பாஷையில் மட்டும் எழுதினால் கொம்பனியில் உள்ளவருக்குப் பிடிபடாது. கொம்பனிச் சொல்லை மட்டும் எழுதினால், அந்தத் தாளைக் கண்ணால் கண்டிராதவர் நேர்முகத்தில் அதை நிரப்பிக் காட்டச் சொன்னால் திணறுவார். "வந்த சாமான், போன சாமான் இரண்டையும் தினமும் கொப்பியில் பதிந்தேன்" என்று வேலையையே சொல்லுங்கள். தெரிந்தவர் அதை உடனே தன் சொல்லில் விளங்கிக்கொள்வார். விளம்பரத்தில் வந்த சொல் நீங்கள் உண்மையில் செய்த வேலைக்குப் பொருந்தினால் மட்டும் அதே சொல்லை எடுத்துப் போடலாம்.

ஆங்கிலத்தில் சீவி கேட்டிருந்தால் இதே கவனம் இன்னும் கூட வேண்டும். தொடர்பகத்தில் தட்டச்சுக்குக் கொடுக்கும்போது, அங்கே ஏற்கெனவே இருக்கும் ஒரு கோப்பில் பெயரை மட்டும் மாற்றித் தந்துவிடுவார்கள். "சவாலான பதவியொன்றில் என் திறமைகளை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிப்பதே என் நோக்கம்" என்று பொருள்படும் அந்த ஆங்கில வசனம் ஒரே கிழமையில் இருபது விண்ணப்பத்தில் வரும். முதலில் தமிழில் உங்கள் சுருக்கத்தை எழுதி முடித்துவிட்டு, அதை ஆங்கிலத்தில் ஆக்கித் தரச் சொல்லுங்கள். வந்த ஆங்கிலத்தை வாய்விட்டு வாசித்து, ஒவ்வொரு வசனத்துக்கும் தமிழில் ஒரு உதாரணம் சொல்ல முடிகிறதா பாருங்கள். முடியாத வசனம் இருக்கக்கூடாது.

திருத்தி எழுதியது

நம் ஆளின் கொப்பியில் எட்டுப் பக்கம் நிறைந்தது. அதில் இருந்து எடுத்துச் சுருக்கமாக எழுதியபோது வந்தது இது:

"கட்டடப் பொருள் களஞ்சிய வேலையில் 7 ஆண்டு அனுபவம். அதற்கு முன் மரக்கறி மொத்தக் கடையில் நிறுவை, தரம்பிரிப்பு வேலையில் இரண்டரை ஆண்டு. மாதம் சுமார் 1,500 பை சீமெந்தும் கம்பி, குழாய், பெயின்ற் வகைகளும் இறக்கி, பில்லோடு சரிபார்த்து, பழையது முதலில் போகும்படி அடுக்கிக் கொடுத்துள்ளேன். சாமான் வரவு–போக்கும் சுமார் 40 வாடிக்கையாளரின் கடன் கணக்கும் தினமும் பதிந்து, மாத முடிவில் இருப்பை எண்ணி ஒப்படைத்தேன். கடைசி 2 ஆண்டு கடைத் திறப்பு என் பொறுப்பில். 2 ஆண்டு மேசன் கையாளாக நின்றதால் வேலைத்தளத்தில் பொருட்கள் போகும் வேகமும் அளவும் தெரியும். இரண்டு கடை முதலாளிகளும் இவற்றை உறுதிப்படுத்துவார்கள்."

முதல் வசனத்தில் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறாரோ அந்தத் துறையின் பெயரும் வருட எண்ணிக்கையும் வந்துவிட்டன. இரண்டாவதில் மொத்தக் கடை, மூன்றாவதில் பொருளின் ஓட்டம், அடுத்த இரண்டிலும் கணக்கும் நம்பிக்கையும். மேசன் வேலை கடைசிக்கு முந்திய வசனத்தில், மற்ற விண்ணப்பதாரர்களிடம் இல்லாத ஒன்றாக நிற்கிறது. முன்பு அதை ஒரு வீழ்ச்சி என்று நினைத்து மறைத்திருந்தார். இப்போது அதுதான் அவரைத் தனியே காட்டும் வரி. ஏனென்றால் களஞ்சியத்தில் இருந்து தளத்துக்குப் பொருள் பிந்திப் போனால் பத்து ஆள் சும்மா நிற்கும் என்பதை நேரில் கண்டவர் அவர்.

எதை விட்டார் என்பதையும் பார்க்கவேண்டும். மணல் ரிப்பர் வந்தால் பெட்டியை அடிக் கணக்கில் அளந்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 100ஆல் வகுத்துக் கியூப் கணக்குப் பார்ப்பது அவருக்கு நன்றாக வரும். பத்து அடி நீளம், ஆறரை அடி அகலம், மூன்று அடி உயரத்துக்கு மணல் நின்றால் 195 கன அடி. பில்லில் இரண்டு கியூப் என்றிருந்தால் ஐந்து கன அடி குறைவு. இது நல்ல அறிவு, ஆனால் சுருக்கத்தில் திணித்தால் மற்றவை மங்கும். இதைக் கீழே அனுபவப் பகுதியில் ஒரு வரியாகவும் நேர்முகத்துக்கு உதாரணமாகவும் வைத்துக்கொண்டார். சுருக்கம் எழுபது எண்பது சொல்லுக்குள் நிற்கவேண்டும். நூறைத் தாண்டினால் வாசிப்பவர் நடுவில் தாண்டிப் போய்விடுவார்.

அதே ஆள் நாளைக்கு ஒரு பல்பொருள் அங்காடியின் மரக்கறிப் பகுதிக்கு விண்ணப்பித்தால் இந்தச் சுருக்கம் உதவாது. அப்போது மொத்தக் கடையின் இரண்டரை வருடம் முதல் வரிக்கு வரும்: சின்ன வெங்காயத்தை ஈரம் பார்த்து வாங்கியது, காய்ந்து குறையும் நிறையைக் கணக்கில் வைத்து விலை சொன்னது, அழுகியதை அன்றன்றே பிரித்தது. ஹாட்வெயார் இரண்டாவதாகப் பின்னால் போகும். ஒரே சுருக்கத்தைப் போட்டோகொப்பி எடுத்து எல்லா இடத்துக்கும் அனுப்புவதும் தவிர்க்கவேண்டிய பிழைகளில் ஒன்றுதான்.

வீட்டில் இருந்து செய்த வேலை

பெண்கள் பலரின் சீவியில் இந்த வருடங்கள் மொத்தமாகவே காணாமல் போயிருக்கும். பத்து வருடம் வீட்டில் தைத்துக் கொடுத்தவர் "வேலை அனுபவம் இல்லை" என்று எழுதுவார், முதலாளி ஒருவர் இல்லை என்பதற்காக. வராத நாளில் என்ன குழம்பியது என்ற கேள்வி இவருக்குப் பொருந்தாது. இவரிடம் கேட்கவேண்டியது: பிழைத்தால் யார் பணம் கொடுத்தது? வெட்டுப் பிழைத்தால் பட்டுச் சேலையோடு வந்த துணிக்கு இவர்தான் காசு கட்டவேண்டும். ஆகவே அளவெடுப்பு, வெட்டு, தவணை எல்லாம் இவருடைய சொந்தப் பொறுப்பு. கிழமைக்கு எத்தனை சட்டை, தீபாவளிக்கு முந்திய மாதத்தில் எத்தனை, நிரந்தர வாடிக்கையாளர் எத்தனை பேர், எந்த மெஷின் என்று எழுதினால் ஒரு தையல் நிலையத்துக்குத் தேவையானது எல்லாம் வந்துவிடும். "சுயதொழில், தையல், 2014–2024, வீட்டில் இருந்து" என்று இருக்கிறபடியே பெயர் வைக்கலாம். உறவினர் அல்லாத இரண்டு வாடிக்கையாளரின் பெயரை, அவர்களிடம் சொல்லிவிட்டு, உறுதிப்படுத்துபவர்களாகக் கொடுக்கலாம்.

சான்று இல்லாமல் எழுதுவது

கடித உறை இல்லாத கடை, இறப்பர் முத்திரை மட்டும் இருக்கும் கடை, அதுவும் இல்லாத மேசன். இவர்களிடம் சேவைக் கடிதம் எடுக்க முடியாது என்று நினைத்துப் பலர் கேட்பதே இல்லை. வெள்ளைத் தாளில் நாலு வரி போதும்: எந்த மாதத்தில் இருந்து எந்த மாதம் வரை, என்ன வேலை, என்ன பொறுப்பு, கடை முகவரி, தொலைபேசி, கையெழுத்து, முத்திரை இருந்தால் முத்திரை. முதலாளிக்கு எழுத நேரம் இல்லாவிட்டால் நீங்கள் எழுதிக் கொண்டுபோய் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கலாம். அதில் "நல்லொழுக்கம் உடையவர்" என்று மட்டும் இருந்தால் சுருக்கத்துக்கு உதவாது. உங்கள் சுருக்கத்தில் இருக்கும் அதே வேலையும் வருடமும் அந்தக் கடிதத்திலும் இருக்கவேண்டும். சுருக்கத்தில் ஏழு வருடம், கடிதங்களில் கூட்டினால் ஐந்தரை என்று வந்தால், வாசிப்பவர் எதை நம்புவார்?

மேசன், குழாய் பொருத்துதல், மின் இணைப்பு, சமையல், தையல் போன்ற கைத்தொழில்களில் நின்றவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பாடநெறிக்குப் போகாமலே, செய்த வேலையை மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டித் தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ., பெறலாம். முன்கற்றலை அங்கீகரிக்கும் இந்த முறையை நைற்றா போன்ற அரச தொழிற்பயிற்சி நிறுவனங்கள் நடத்துகின்றன. வேலைப் படங்கள், பில்கள், மேலே சொன்ன கடிதங்கள் எல்லாம் அங்கேயும் ஆதாரமாகப் பயன்படும். சான்றிதழ் கையில் வந்த பிறகு அதன் மட்டத்தைச் சுருக்கத்தின் முதல் வசனத்திலேயே எழுதலாம். விண்ணப்பித்திருக்கும் நிலையில் "மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்துள்ளேன்" என்று மட்டும் எழுதுங்கள். நேர்முகத்துக்கு மூலப்பிரதி கொண்டுவரச் சொல்வார்கள்.

அனுப்ப முந்தி சுருக்கத்தைத் தொழில் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், பெயரை மறைத்துவிட்டு. வாசித்து முடித்ததும் "இவருக்கு என்ன வேலை கொடுக்கலாம்" என்று கேளுங்கள். "ஏதும் கடை வேலை" என்று பதில் வந்தால் கொப்பிக்குத் திரும்பிப் போகவேண்டும். "களஞ்சியத்தில போடலாம், கடன் கணக்கும் பாப்பார் போல கிடக்கு" என்று வந்தால் தபாலில் போடலாம்.